அரபியில் ஹம்ஸாவுக்கு எந்த எழுத்து? வாசகர் கேள்விகள்

"ஸஅல" என்பதில் அலிஃப் மேல் இருக்கும் ஹம்ஸா (سأل), இன்னொரு இடத்தில் யாவின் மேல் இருக்கிறது (سئل). எது சரி?

இரண்டும் சரி. ஒன்று "ஸஅல", கேட்டான். மற்றது "ஸுஇல", கேட்கப்பட்டான். அகரக் குறியான ஸபரா, இகரக் குறியான ஸேரா, உகரக் குறியான பேஷா என்று பார்க்காமல் ஹம்ஸாவைப் பற்றிக் கேட்காதீர்கள். சொல்லின் நடுவில் வந்தால் ஹம்ஸாவின் குறியையும் அதற்கு முந்தைய எழுத்தின் குறியையும் ஒப்பிடுங்கள். ஸேருக்கு வலிமை அதிகம், அடுத்தது பேஷ், பிறகு ஸபர், கடைசியில் உயிரொலி இல்லாத சுகூன். வலியது ஸேர் என்றால் புள்ளியில்லாத யா, பேஷ் என்றால் வாவ், ஸபர் என்றால் அலிஃப். "ஸுஇல"வில் முன்னால் பேஷ், ஹம்ஸாவுக்கு ஸேர். ஆகவே யா.

ஜுஸ்உ (جزء) என்பதில் ஹம்ஸா ஏன் தனியாக நிற்கிறது?

கடைசி ஹம்ஸா முந்தைய எழுத்தை மட்டுமே பார்க்கும். அங்கே சுகூன். எனவே எதன் மேலும் ஏறாது.

என் மகள் "அவனுடைய பிள்ளைகள்" என்பதற்கு أبناءه என்று எழுதினாள். அகராதியில் أبناء என்றுதானே இருக்கிறது? ஆசிரியர் ஏன் அதைத் தவறென்று அடித்தார்?

முழு வாக்கியத்தை அனுப்பாமல் இப்படிக் கேட்டால் ஊகிக்கத்தான் முடியும். அகராதியில் இருப்பதை அப்படியே பெயர்த்து ஒட்டும் இந்தப் பழக்கம்தான் எனக்கு வரும் கட்டுரைகளில் அதிகம் தென்படும் பிழை. தனிச் சொல்லில் ஹம்ஸா கடைசியில் இருக்கிறது, முன்னால் நீள அலிஃப், அதனால் தனியே நிற்கிறது. "ஹு" ஒட்டியதும் அது நடு ஹம்ஸாவாகிவிடுகிறது. இனி அதன் சொந்தக் குறிதான் தீர்ப்புச் சொல்லும். அந்தக் குறியோ வேற்றுமைக்கு ஏற்ப மாறும்.

பிள்ளைகள் வந்தார்கள் என்றால் எழுவாய், பேஷ்: حضر أبناؤه. பிள்ளைகளோடு வந்தான் என்றால் "ஓடு" என்று பொருள் தரும் "பி"க்குப் பின் ஸேர்: جاء بأبنائه. பிள்ளைகளைக் கண்டேன் என்றால் ஸபர்: رأيت أبناءه. இந்த மூன்றாவதில் விதிப்படி அலிஃப் வர வேண்டும், ஆனால் முன்னால் ஏற்கெனவே ஒரு அலிஃப் இருக்கிறது. இரண்டு அலிஃப் அடுத்தடுத்து வருவதைத் தவிர்க்கவே ஹம்ஸா தனியாக விடப்படுகிறது. உங்கள் மகள் எழுவாயாக எழுதியிருந்தால் ஆசிரியர் அடித்தது நியாயம். மூன்று வடிவமும் உண்மையான சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் எச்சரிக்காது. வேற்றுமையை முதலில் முடிவு செய்யுங்கள், எழுத்தைப் பிறகு.

மஸ்ஊல் என்பதற்கு مسؤول, مسئول இரண்டையும் பார்க்கிறேன்.

முதலாவது நான் மேலே சொன்ன விதிப்படி வருவது: ஹம்ஸாவுக்குப் பேஷ், முன்னால் சுகூன், ஆகவே வாவ். இரண்டாவது இரு வாவ் சேருவதைத் தவிர்க்கும் வழக்கம், எகிப்தில் அதிகம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை எழுதுங்கள்.

இஸ்திக்பால், இக்ராம் இரண்டுக்கும் அலிஃபின் கீழ் ஹம்ஸா போடலாமா?

முன்னால் "வ" சேர்த்துச் சொல்லுங்கள். "வஸ்திக்பால்" என்று இகரம் மறைகிறது, ஹம்ஸா கூடாது: استقبال. "வஇக்ராம்" என்று இகரம் நிற்கிறது, ஹம்ஸா வேண்டும்: إكرام. இங்கும் வாயால் சொல்லிப் பார்த்த பிறகே எழுதுங்கள்.