வாடகை மாறாதபோது எஃபிஷியன்சி வேரியன்ஸ் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஃபிக்ஸட் ஓவர்ஹெட் வேரியன்ஸை எக்ஸ்பெண்டிச்சர், வால்யூம், கெபாசிட்டி, எஃபிஷியன்சி என்று பிரிக்கச் சொல்கிறார்கள். ஃபார்முலா மனப்பாடம், அர்த்தம்தான் புரியவில்லை. செலவே மாறாது என்றால் அதில் எஃபிஷியன்சி எப்படி? ஒரு கணக்கோடு சொல்லுங்களேன்.

பதில்:

செலவிலிருந்து வருவதில்லை. அந்தச் செலவை உற்பத்தியின் மேல் ஏற்றுகிறோமே, அந்த முறையிலிருந்து வருகிறது.

வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், காப்பீடு எல்லாம் ஆலை ஓடினாலும் நின்றாலும் அதே தொகைதான். ஆனால் ஸ்டாண்டர்ட் காஸ்டிங்கில் ஒவ்வொரு பொருளும் அதில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும். அதற்காக மாதம் தொடங்கும் முன்பே பட்ஜெட் செலவை பட்ஜெட் மணிநேரத்தால் வகுத்து ஒரு ரேட் வைத்துக்கொள்கிறோம். அப்புறம் பொருள் தயாராகத் தயாராக அந்த ரேட்டில் செலவை ஏற்றிக்கொண்டே போகிறோம். ஆக, உண்மையில் அசையாத ஒரு செலவு, கணக்கேட்டில் மட்டும் உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. வால்யூம், கெபாசிட்டி, எஃபிஷியன்சி மூன்றுமே இந்த ஏற்றத்தின் விளைவுகள். எக்ஸ்பெண்டிச்சர் ஒன்றுதான் கையை விட்டுப் போன பணத்தைப் பற்றியது.

ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். பட்ஜெட்டில் நிலையான ஓவர்ஹெட் 6,00,000. உற்பத்தி இலக்கு 10,000 யூனிட், யூனிட்டுக்கு 2 மணிநேரம் என்பது ஸ்டாண்டர்ட். ஆக 20,000 மணிநேரம், ரேட் மணிக்கு 30. மாதம் முடிந்து பார்த்தால் உண்மையான செலவு 6,18,000. வேலை நடந்தது 18,500 மணிநேரம். வெளியே வந்தது 9,600 யூனிட்.

தனித்தனி ஃபார்முலாக்களை மறந்துவிட்டு, நான்கு தொகைகளை இந்த வரிசையில் எழுதுங்கள்:

உண்மையான செலவு: 6,18,000
பட்ஜெட் செலவு: 6,00,000
உண்மையான மணிநேரம் × ரேட்: 18,500 × 30 = 5,55,000
ஏற்றப்பட்ட செலவு: 9,600 யூனிட்டுக்கு உரிய ஸ்டாண்டர்ட் மணிநேரம் 19,200 × 30 = 5,76,000

இவற்றுக்கு இடையே உள்ள இடைவெளிகள்தான் வேரியன்ஸ்கள். முதல் இரண்டுக்கும் நடுவே 18,000: பட்ஜெட்டை மீறிச் செலவாகியிருக்கிறது, எனவே எக்ஸ்பெண்டிச்சர் வேரியன்ஸ் 18,000 பாதகம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு 45,000 குறைகிறது. 1,500 மணிநேரம் ஆலை ஓடவில்லை என்பதே காரணம். இது கெபாசிட்டி வேரியன்ஸ், 45,000 பாதகம். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு 21,000 கூடுகிறது. ஓடிய நேரத்தில் 700 மணிநேர வேலை கூடுதலாக நடந்திருக்கிறது. இது எஃபிஷியன்சி வேரியன்ஸ், 21,000 சாதகம்.

வால்யூம் வேரியன்ஸ் இரண்டாவதிலிருந்து நேராக நான்காவதுக்குத் தாண்டுவது: 24,000 பாதகம். கெபாசிட்டியும் எஃபிஷியன்சியும் அதன் இரண்டு துண்டுகள். 45,000 பாதகத்தில் 21,000 சாதகம் கழிந்தால் அதே 24,000 வருகிறது. மொத்த வேரியன்ஸ் முதலாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே, 42,000 பாதகம். பலர் நான்கையும் கூட்டி மொத்தம் வரவில்லை என்று திணறுவது இங்கேதான். வால்யூமையும் அதன் துண்டுகளையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே தொகை இரண்டு முறை விழுந்துவிடும்.

யூனிட்டில் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். 1,500 மணிநேரம் போனதால் 750 யூனிட் குறைந்திருக்க வேண்டும். ஆனால் குறைந்தது 400 மட்டும். மீதி 350 யூனிட்டை ஆட்கள் வேகத்தால் ஈடுகட்டிவிட்டார்கள். யூனிட்டுக்கு ஓவர்ஹெட் 60, ஆக 350 × 60 = 21,000. வால்யூம் வேரியன்ஸை மட்டும் மேலதிகாரிகளிடம் காட்டினால் "உற்பத்தி கொஞ்சம் குறைந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆலை கணிசமான நேரம் நின்றிருக்கிறது, அதை வேகம் பாதி மறைத்திருக்கிறது என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சாதகமா பாதகமா என்பதில் ஒரு பொறி உண்டு. லேபர் கணக்கில் மணிநேரம் கூடினால் பாதகம் என்று பழகியிருப்பீர்கள். கெபாசிட்டியில் அது தலைகீழ்: பட்ஜெட்டைவிட அதிக நேரம் ஓடினால் சாதகம், ஏனென்றால் அசையாத செலவைச் சுமக்க அதிக மணிநேரங்கள் கிடைக்கின்றன. எஃபிஷியன்சியில் மட்டும் லேபர் கணக்கின் வழக்கமே தொடரும். இன்னொரு தவறு, எக்ஸ்பெண்டிச்சரைக் கணக்கிட பட்ஜெட்டை உண்மையான மணிநேரத்துக்கு ஏற்பச் சுருக்குவது. அது மாறும் ஓவர்ஹெட்டுக்கான வழி. இங்கே 5,55,000-ஐ 6,18,000-லிருந்து கழித்து 63,000 என்று எழுதினால், மணிநேரம் குறைந்ததன் விளைவும் செலவுக் கட்டுப்பாட்டின் தலையில் விழுந்துவிடும்.

அந்த 21,000 சாதகம் மிச்சமான பணம் அல்ல. மாறும் ஓவர்ஹெட்டில் 700 மணிநேரம் குறைந்தால் மின்சாரச் செலவு உண்மையிலேயே குறையக்கூடும். இங்கே வாடகை ஒரு காசு குறையவில்லை. அதேபோல் 45,000-மும் ஆலை நின்றதால் ஏற்பட்ட நஷ்டம் அல்ல. உண்மையான நஷ்டம் தெரிய வேண்டுமானால், குறைந்த 400 யூனிட்டை விற்றிருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். விற்றிருக்கலாம், யூனிட்டுக்கு கான்ட்ரிபியூஷன் 150 என்றால், இழந்தது 60,000. வாங்க ஆளே இல்லை என்றால் அந்த 400 யூனிட்டால் இழந்த விற்பனை எதுவும் இல்லை. வால்யூம் வேரியன்ஸோ இரண்டு நிலையிலும் அதே 24,000-ஐத்தான் காட்டும். மார்ஜினல் காஸ்டிங்கில் இந்தப் பகுதியே கிடையாது. அங்கே செலவை யூனிட்டில் ஏற்றுவதில்லை, எனவே எக்ஸ்பெண்டிச்சர் 18,000 மட்டும் நிற்கும்.

சில கணக்குகளில் வேலை நாட்களும் கொடுப்பார்கள். அப்போது கெபாசிட்டியிலிருந்து காலண்டர் வேரியன்ஸைப் பிரிக்க வேண்டும். நம் கணக்கில் பட்ஜெட் 25 நாள், ஓடியது 24 என்றால், போன ஒரு நாள் 800 மணிநேரம், அதாவது 24,000 காலண்டர் பாதகம். மீதி 700 மணிநேரத்துக்கான 21,000 மட்டுமே கெபாசிட்டி. பழுது, மூலப்பொருள் தாமதம் என்று காரணம் தேட வேண்டியது இந்த 21,000-க்குத்தான்.

வேலையில் இந்த அறிக்கையைப் படிப்பவராக இருந்தால் வால்யூம் சாதகம் என்று வரும் மாதத்தில்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கருத்து. 9,600 யூனிட் விற்கும் மாதத்தில் 11,000 தயாரித்தால் வால்யூம் 60,000 சாதகம் என்று வந்துவிடும். அதே நேரம் விற்காத 1,400 யூனிட்டில் 84,000 ஓவர்ஹெட் கிடங்கில் உட்கார்ந்திருக்கும், லாபமும் அந்த அளவுக்கு ஊதித் தெரியும். அந்த மாத அறிக்கையை இறுதி இருப்பை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.