6 வயசு பொண்ணு எப்பவும் வாயைத் திறந்தே மூச்சு விடுறா, தூங்கும்போதும் அப்படித்தான். மூஞ்சி ஷேப், பல்லு எல்லாம் மாறிடும்னு சொல்றாங்க, நிஜமா? எப்போ டாக்டர்கிட்ட காட்டணும்?

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது, ஈரோட்ல ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குற சாதாரண அம்மா. அதனால கமெண்ட்ல வந்து "நீங்க என்ன எம்பிபிஎஸ்ஸா"ன்னு கேக்காதீங்க. என் பையனுக்கு இதே பிரச்சனை, ஈஎன்டி, பல் டாக்டர், கிளிப் போடற டாக்டர்னு எல்லா வாசலும் ஏறி இறங்கியாச்சு, அந்த அனுபவத்துல எழுதறேன்.

உங்க வீட்லயும் நடந்திருக்கும்னு நினைக்கிறேன், நீங்க கவலைப்பட்டா உடனே யாராவது ஒருத்தர் "அதெல்லாம் சளிடி, வளந்தா சரியாயிடும், அவ அப்பனும் இப்படித்தான் தூங்குவான்"னு முடிச்சிருப்பாங்க. எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, அதையேதான் சொன்னாங்க. நான் மூஞ்சியைப் பத்தி வாயே திறக்கல, திறந்திருந்தா "பெத்த புள்ளை மூஞ்சியில குறை கண்டுபிடிக்கிறா"ன்னு ஆயிருக்கும். எங்களுக்கு விஷயம் ஆரம்பிச்சதே ஈறுல இருந்துதான்.

பையனுக்கு அப்போ 7 வயசு. மேல் முன்பல்லுக்கு மேல இருக்குற ஈறு மட்டும் செக்கச்செவேல்னு வீங்கிப்போய் பளபளன்னு இருக்கும், பிரஷ் பட்டாலே ரத்தம் வரும். ரெண்டு வேளையும் நான் கூட நின்னு தேய்க்க வைக்கிறேன், அப்புறம் எப்படி? பல் டாக்டர் உதட்டைத் தூக்கிப் பாத்துட்டு ஒரு கோடு காட்டினாங்க. உதடு மூடுற இடம் வரைக்கும் ஈறு நல்ல ரோஸ் கலர்ல இருக்கு, உதடு மூடாம வெளிய காத்து படுற இடம் மட்டும் சிவந்து தடிச்சிருக்கு, ரெண்டுக்கும் நடுவுல எல்லை மாதிரி தெரியுது. கீழ் முன்பல்லுல ஒண்ணுமே இல்ல. பிரஷ் பண்ணாததுனால வந்திருந்தா எல்லா இடமும் வீங்கியிருக்கும், இது காத்து பட்டுக் காயறதுனால வர்றது, அங்க எச்சில் நிக்கிறதில்ல, எச்சில் கழுவி விடாததால அழுக்கும் கிருமியும் சீக்கிரமா ஒட்டுதுன்னாங்க. காலையில வாய் நாறுறதும், அந்த முன்பல்லுங்க சீக்கிரம் சொத்தையாகறதும் இதோட சேந்ததுதானாம். கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி, ஏன்னா "நீ சரியா தேய்ச்சு விடல"ன்னு பேச்சு வாங்கிட்டு இருந்தது நான்தான்.

அப்புறம் வாயைப் பெருசா திறக்கச் சொல்லி மேல் அண்ணத்தைக் காட்டினாங்க. ரெண்டு பக்கமும் ஒடுங்கி, நடுவுல குகை மாதிரி உள்ளாற போயிருந்துச்சு. பின்னாடி கடிச்சுக் காட்டச் சொன்னா ஒரு பக்கம் மேல் பல்லு கீழ் பல்லுக்கு உள்பக்கமா உக்காருது, வெளிப்பக்கமா உக்காரணும். நீங்க வீட்ல டார்ச் அடிச்சுப் பாக்கணும்னா இந்த ரெண்டையும் பாருங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னு அவங்க சொன்னதை என் பாஷைல சொல்றேன். வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டித்தான் இருக்கும், இப்பவே உங்க வாயை மூடிப் பாருங்க தெரியும். வெளிய இருந்து கன்னம் அமுக்க, உள்ள இருந்து நாக்கு முட்டு கொடுக்க, ரெண்டும் சமமா இருக்குறப்ப மேல் தாடை அகலமா வளரும். வாயால மூச்சு விடற குழந்தைக்கு காத்து போக வழி வேணும்ல, அதனால நாக்கு கீழ இறங்கிடும், முட்டு போயிடும், கன்னம் மட்டும் அமுக்கும், தாடை ஒடுங்கும், பல்லுக்கு இடம் பத்தாம நெருங்கும். கீழ் தாடை எந்நேரமும் தொங்கிட்டு இருக்கறதால முன்னாடி வளர்றதுக்குப் பதிலா கீழயும் பின்னாடியும் திரும்பி வளருது, மூஞ்சி நீளமாகுது. மேல் உதடு குட்டையாத் தெரியும், கண்ணுக்குக் கீழ கருப்பு. மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டுங்கற சதை பெருசாகி அடைக்கிற குழந்தைங்ககிட்ட இது தெரியறதால, அடினாய்டு முகம்னே பேர் வச்சிருக்காங்க.

ஆனா யூடியூப்ல பயமுறுத்தற அளவுக்கு நம்பாதீங்க. வாயால மூச்சு விடற எல்லாக் குழந்தைக்கும் மூஞ்சி மாறாது, நீள மூஞ்சி பரம்பரையாவும் வரும். 1970கள்ல ஹார்வோல்டுன்னு ஒருத்தர் குரங்குக் குட்டிங்க மூக்கை சிலிக்கோன் வச்சு அடைச்சு வளத்துப் பாத்தார். தாடையும் பல்லும் மாறுச்சு, ஆனா எல்லாக் குரங்குக்கும் ஒரே மாதிரி மாறல, ஒவ்வொண்ணும் வாயைத் திறந்து வச்சுக்கிட்ட விதத்துக்கு ஏத்த மாதிரி மாறுச்சு. ஸ்வீடன்ல லிண்டர் அரோன்சன் அடினாய்டு எடுத்த குழந்தைங்களைத் தொடர்ந்து பாத்ததுல, மூக்கால மூச்சு விட ஆரம்பிச்சவங்களுக்கு பல் வரிசையும் தாடை வளர்ற திசையும் ஓரளவு நல்ல பக்கமாத் திரும்புச்சு. ஓரளவுதான். ஆபரேஷன் பண்ணினா மூஞ்சி மாறிடும்னு யாராவது வாக்கு குடுத்தா அவங்ககிட்ட இருந்து தள்ளியே இருங்க.

எங்க கதைக்கு வரேன். பல் டாக்டர் சின்ன வாய்க்கண்ணாடியை மூக்குக்குக் கீழ பிடிச்சாங்க, ஆவி லேசாத்தான் படிஞ்சுது. ஒரு வாய் தண்ணியை முழுங்காம வச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் உக்காருன்னாங்க, ஒரு நிமிஷம் கூட ஆகல, மூச்சு முட்டி மேசை மேலயே துப்பிட்டான். மூக்கு தொறந்திருக்கு, சும்மா பழக்கம்தான்னா தண்ணியை வச்சுக்கிட்டு உக்காந்துடுவான், இவனுக்கு உள்ள அடைப்பு இருக்கு, முதல்ல ஈஎன்டி போங்க, கிளிப்பு அப்புறம் பாத்துக்கலாம்னாங்க. இந்த வரிசைக்காகவே அவங்களுக்கு நன்றி சொல்லணும். அடைப்பை எடுக்காம கிளிப்பு மட்டும் போட்டா, கழட்டினதும் பழையபடி ஒடுங்க வாய்ப்பு ஜாஸ்தி.

ஈஎன்டில பக்கவாட்டு எக்ஸ்ரே, அப்புறம் மூக்கு வழியா மெல்லிசா ஒரு கேமரா. அடினாய்டுங்கறது மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல இருக்குற சதை, வாயைத் திறந்து பாத்தா தெரியாது. 3ல இருந்து 7 வயசு வரைக்கும் பெருசா இருக்கும், அப்புறம் தானா சுருங்கும். அதனால "வளந்தா சரியாயிடும்"னு எங்க அத்தை சொன்னது முழுப் பொய் இல்ல, லேசா இருந்தா டாக்டருங்களே வெயிட் பண்ணலாம்னுதான் சொல்வாங்க. சிக்கல் என்னன்னா, அது சுருங்கறதுக்குக் காத்திருக்குற அதே வருஷங்கள்லதான் மூஞ்சியும் வேகமா வளருது.

இவனுக்கு பாதை முக்கால்வாசி அடைச்சிருந்துச்சு, கூடவே தூசி அலர்ஜி. உடனே கத்தி எடுக்கல, முதல்ல உப்புத் தண்ணி ஸ்பிரே, அப்புறம் மோமெட்டசோன் ஸ்டீராய்டு ஸ்பிரே, ரெண்டு மூணு மாசம். ஸ்டீராய்டுன்னதும் வீட்ல பூகம்பம். இது மூக்குக்குள்ள மட்டும் போற சின்ன அளவு, ஆனா அதையும் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல நீங்களா இழுக்காதீங்க. அடிக்கும்போது மூக்கோட நடுச்சுவரைப் பாத்து அடிக்கக்கூடாது, வெளிப்பக்கமா, அதே பக்கத்துக் காதைப் பாத்து சாய்ச்சு அடிக்கணும், இல்லன்னா ரத்தம் வரும். ரெண்டு நாள்ல கேக்கலன்னு நிறுத்திடாதீங்க, வாரக்கணக்குல ஆகும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கிட்டோம், பெட்ஷீட் வாராவாரம் சுடுதண்ணில.

சில குழந்தைங்களுக்கு இதோட முடிஞ்சிடும். எங்களுக்குத் தும்மல் நின்னுச்சு, குறட்டை நிக்கல. குறட்டைக்கு நடுவுல சத்தமே இல்லாம ஒரு இடைவெளி, அப்புறம் "ஹக்"னு ஒரு இழுப்பு. அதனாலதான் அடினாய்டு எடுத்தோம். மயக்கம் குடுத்து வாய் வழியாவே எடுத்துடுவாங்க, வெளிய தையல் இல்ல. கொஞ்ச நாள் வாய் நாத்தம் தாங்கல, அவ்வளவுதான்.

இங்க ஒண்ணைச் சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். அவன் லீவு எடுத்ததுக்கு ஸ்கூல்ல டிஸ்சார்ஜ் சம்மரி ஒரிஜினல் வேணுமாம், ஜெராக்ஸ் ஆகாதாம், குடுத்ததும் டாக்டர் சீல் தெளிவா இல்லன்னு திருப்பி அனுப்பினாங்க. ஆனா அவன் ஏறாத வேனுக்கு அந்த மாசம் முழு ஃபீஸ், அதுக்கு மட்டும் எந்த சீலும் வேண்டாம். கேட்டா "பாலிசி மேம்". சரி விடுங்க.

குறட்டை போச்சு, ஆனா பகல்ல வாய் அப்பவும் திறந்தேதான் இருந்துச்சு. பழக்கம் ஒரு பக்கம், பல்லு முன்னாடி நிக்கிறதால உதடு எட்டாதது இன்னொரு பக்கம். ஸ்கூல்ல "வாயை மூடு"ன்னு திட்டினா மூடற விஷயம் இல்ல அது. அடுத்து எக்ஸ்பேண்டர்னு ஒரு கிளிப்பு, அண்ணத்துக்குக் குறுக்க நடுவுல ஒரு ஸ்க்ரூ. தினம் சாவி வச்சு ஒரு திருப்பு, ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். அண்ணத்து எலும்பு ரெண்டு பாதி, நடுக்கோடு சின்ன வயசுல முழுசா ஒட்டியிருக்காது, அதனால விரியும், வயசுக்கு வந்தப்புறம் கஷ்டம். கொஞ்ச நாள்ல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து விழும், பாத்துட்டு அத்தை அழுதே போட்டாங்க, ஆனா அதுதான் எலும்பு விரியுதுங்கறதுக்கு அடையாளம், அப்புறம் தானா மூடிடும். விரிச்சதும் கழட்ட மாட்டாங்க, புது எலும்பு கெட்டியாக சில மாசம் அப்படியே வச்சிருப்பாங்க. இப்போ உதடு மூடுது, கிளீனிங்கும் பண்ணினோம், அந்த ஈறுச் சிவப்பு போயிடுச்சு. மூஞ்சி? அவங்கப்பா மாதிரி நீளம்தான், அது அவங்க குடும்பச் சொத்து.

உங்க பொண்ணு விஷயத்துக்கு வந்தா, சளி பிடிச்ச வாரத்துல மட்டும்னா விடுங்க. சளி போயும் வாரக்கணக்கா வாய் மூடலன்னா, முன் ஈறு சிவந்திருந்தா, பின்பல்லு மாத்திக் கடிச்சா, நிதானமா அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காட்டுங்க. வாரத்துல மூணு ராத்திரியோ அதுக்கு மேலயோ குறட்டை, தலையைப் பின்னாடி மடக்கித் தூங்கறது, வேர்த்துக் கொட்டறது, நிறுத்தின படுக்கை நனைக்கறது திரும்ப வர்றது, காது சரியா கேக்காம டிவி சத்தம் ஜாஸ்தி வைக்கிறது இதெல்லாம் இருந்தா தள்ளிப்போடாம ஈஎன்டி. மூச்சு நின்னு நின்னு வந்தா அந்த வாரமே. ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தமா சளி வந்தா உள்ள ஏதாவது மாட்டியிருக்கலாம், உடனே போங்க. தூங்கும்போது வாயில டேப் ஒட்டற வேலை மட்டும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், மூக்கு அடைச்சிருக்குற புள்ளைக்கு இருக்குற ஒரே வழியையும் அடைக்கிறீங்க.

போகும்போது அவ தூங்கற வீடியோ ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஃபேன் சத்தம் இல்லாம, சட்டையைக் கழட்டி நெஞ்சு உள்வாங்கறது தெரியற மாதிரி ஒரு நிமிஷம். விடியக்காலை 4, 5 மணிக்கு எடுத்தா நல்லாத் தெரியும். கன்சல்டிங் ரூம்ல குழந்தைங்க எல்லாம் வாயை மூடிட்டு சமத்தா உக்காந்துக்கும்ங்க.