மூன்று தடுப்பாளர் முறைக்கு மாறுவது: கையில் 3 லட்சம் பவுண்டு

“EA FC கால்பந்து வீடியோ கேமின் கேரியரில் லீக் டூ அணி. 4-3-3 விட்டு 3-5-2 ஆட வேண்டும். 3 லட்சம் பவுண்டில் யாரை வாங்குவது?”

முதல் வீரர் மாற்றுச் சாளரத்தில் யாரையும் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. புதிய முறையில் இடமில்லாத இரண்டு விங்கர்களை முதலில் விற்றுவிட்டு, மூன்றாவது நடுத்தடுப்பாளரை உங்கள் அணிக்குள்ளேயே உருவாக்குங்கள்: உயரமும் பந்தைப் பறிக்கும் திறனும் உள்ள இளம் தடுப்பு நடுக்களவீரர் ஒருவரின் வளர்ச்சித் திட்டத்தில் இலக்கு இடத்தை CB என்று மாற்றினால், அதற்கு எத்தனை வாரம் ஆகும் என்பதைத் திரையே காட்டும், விங்கரைத் தடுப்பாளராக்கும் முயற்சி இதைவிட நெடுநாள் இழுக்கும்.

விற்ற பணத்தில் ஒரு பகுதியைச் சம்பள ஒதுக்கீட்டுக்கு நகர்த்தி வையுங்கள். ஜனவரியில், ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் ஓட்டத்திறன் மிக்க பக்கத் தடுப்பாளர்களோடு, 3-5-2இன் இரு ஓரங்களுக்காக, மாற்றுத்தொகை இல்லாமலே முன்னொப்பந்தம் பேசலாம். ஆனால் அவர்கள் கோடையில்தான் வந்து சேர்வார்கள். அதுவரை பக்கவாட்டில் பின்னால் விழும் பந்துகளிலிருந்தே கோல் வாங்கினால், 4-4-2க்கு இறங்குங்கள்.