பொடி ஆலை இப்போதே வேண்டுமா, கூலிக்கு அரைத்தால் போதுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டிலேயே இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் செய்து மாதம் 120 கிலோ வரை விற்கிறேன். பெயர் பதிந்து, 200 கிராம் பாக்கெட்டாகக் கடைகளுக்குப் போட ஆசை. கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆலை கிலோவுக்கு 65 ரூபாய் கூலியில் வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டுத் தருவதாகச் சொல்கிறது. ஒரு ரகத்துக்குக் குறைந்தது 200 கிலோ கொடுக்க வேண்டுமாம். முன்னீர்பள்ளத்தில் மாமனாரின் கொட்டகை காலியாக இருக்கிறது. அங்கே சொந்தமாக ஆலை போட 18 லட்சம் ஆகும் என்கிறார்கள். கணவரின் விருப்ப ஓய்வுப் பணத்தில் 9 லட்சம் இருக்கிறது, வங்கி 10 லட்சம் தருகிறது, மானியமும் உண்டு என்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: இன்றைய நிலையில் கூலிக்கு அரைக்கக் கொடுங்கள். எவ்வளவு விற்றால் இந்த முடிவை மாற்றலாம் என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

முதலில் கூலி. 65 ரூபாயோடு அது முடிவதில்லை. வறுக்கும்போதும் அரைக்கும்போதும் நூற்றுக்கு மூன்று பங்கு சேதாரம் போகும். மூலப்பொருளுக்குக் கிலோவுக்கு 210 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், அதில் 6 ரூபாய் போயிற்று. சரக்கைக் கொண்டு போய்த் திரும்ப எடுத்துவர 4 ரூபாய். ஆக உங்களுக்கு விழுவது 75 ரூபாய்.

சொந்த ஆலையில் எரிவாயு, மின்சாரம், சேதாரம் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 15 ரூபாய்தான். 60 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோ கூட அரைக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் போய்க்கொண்டிருக்கும் செலவைப் பாருங்கள். 10 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை சுமார் 21,700 ரூபாய். நீங்கள் போடும் 8 லட்சம் வைப்புநிதியில் இருந்தால் தரக்கூடிய வட்டி 4,300. இரண்டு ஆட்களுக்கும் ஒரு மேற்பார்வையாளருக்கும் 38,000. இயந்திரப் பராமரிப்பு, மின் இணைப்பின் நிலைக்கட்டணம், ஆய்வகச் சோதனை ஆகியவற்றுக்கு 9,000. கொட்டகை மாமனாருடையதுதான் என்றாலும் வாடகையாக 8,000 ரூபாயைக் கணக்கில் சேர்த்துவிட்டேன். குடும்பத்து இடம் என்று அதை விட்டுவிட்டால், லாபம் வருகிறதா இல்லையா என்பதே பின்னால் தெரியாது. மொத்தம் 81,000 ரூபாய்.

இந்த 81,000 ரூபாயைக் கிலோவுக்கு 60 ரூபாய் மிச்சத்தால் வகுத்தால் 1,350 கிலோ வருகிறது. மாதம் அவ்வளவு விற்றால்தான் சொந்த ஆலையும் கூலி வேலையும் சமம். கடைகள் மூலம் நீங்கள் 400 கிலோ விற்கும் நிலைக்கு வந்துவிட்டதாக வைத்தாலும், மிச்சமாவது 24,000 ரூபாய்தான். மீதி 57,000 ரூபாய் மாதாமாதம் கையிலிருந்து போகும்.

1,350 கிலோ என்பது 6,750 பாக்கெட். ஒரு மளிகைக் கடையில் உங்கள் பொடி மாதம் இருபது பாக்கெட் நகர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏறக்குறைய 340 கடைகள் வேண்டும். பாளை, டவுன், பேட்டை, மேலப்பாளையம் கடந்து தென்காசி, அம்பாசமுத்திரம், நாகர்கோவில் வரை ஆள் போய் வர வேண்டியிருக்கும். அந்த வலையைக் கட்ட ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும். கடன் தவணையோ முதல் மாதமே வந்து நிற்கும்.

மானியத்தைப் பற்றி எல்லோரும் ஆசையோடு கேட்கிறார்கள். மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் தகுதியுள்ள செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. 2020-ல் தொடங்கிய அத்திட்டம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 18 லட்சம் முழுவதுக்கும் 6.3 லட்சம் கிடைத்துவிட்டதாகவே வைத்துக் கணக்கிட்டேன். கடன் 3.7 லட்சமாகக் குறைந்து, சமநிலை 1,120 கிலோவுக்கு வருகிறது. இன்றைய விற்பனையைப் போல ஒன்பது மடங்கு அது. தவிர, மானியம் கையில் தரப்படுவதில்லை. வங்கியில் தனிக் கணக்கில் இருந்து, ஆலை ஒழுங்காக ஓடித் தவணையும் தவறாவிட்டால்தான் மூன்று ஆண்டு கழித்துக் கடனில் கழிக்கப்படும். மானியத்துக்காக ஆலை போடுவது, தள்ளுபடி கிடைக்கிறது என்று தேவையில்லாத சேலை எடுப்பதுதான்.

இயந்திரக் கொட்டேஷனில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சரக்கை வாங்கி 30, 45 நாள் கழித்துத்தான் பணம் தருவார். அதற்கு முன்பே உளுந்துக்கும் மிளகாய்க்கும் நீங்கள் ரொக்கம் கொடுத்திருப்பீர்கள். இருப்பையும் சேர்த்தால் இரண்டரை மாத உற்பத்திச் செலவு எப்போதும் வெளியே நிற்கும். பாக்கெட்டுக்கும் அட்டைப் பெட்டிக்கும் கிலோவுக்கு 25 ரூபாய் சேர்த்து, கிலோவுக்கு 310 ரூபாய் அடக்கம் என்று பாருங்கள். மாதம் 400 கிலோவுக்கு 3.1 லட்சம் வெளியே நிற்கும். ஆலை கட்டுப்படியாகும் 1,350 கிலோவுக்குப் பத்தரை லட்சம். ஆலையில் 8 லட்சத்தைப் போட்டுவிட்டு ஒரு லட்சத்தோடு நிற்கும் ஒருவருக்கு, விற்பனை கூடுவதே நெருக்கடியாகிவிடும். சிறு ஆலைகள் பல மூடியது பொடி சரியில்லாததால் அல்ல, அடுத்த லோடு உளுந்து வாங்கக் காசு இல்லாததால்தான்.

கூலிக்குக் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. பெரிய ஆபத்து, ஒவ்வொரு முறையும் ருசி மாறுவது. பெரிய வறுவை உருளையில் உளுந்து வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். இடித்துப் பார்த்தால்தான் தெரியும். அரவை வேகத்தில் சூடேறினால் எள்ளின் எண்ணெய் கசிந்து பொடி கட்டி தட்டும், சில வாரங்களில் சிக்கு வாடை வரும். எனவே முதல் 200 கிலோவுக்கு நீங்களே போய் நில்லுங்கள். வறுத்த உளுந்தை ஆற வைத்து அரைக்கிறார்களா, உங்களுக்கு முன்னால் எதை அரைத்தார்கள் என்று பாருங்கள். முன்னால் ஓடியது பெருங்காயப் பொடி என்றால் உங்கள் பருப்புப் பொடியில் அதன் வாசம் ஏறும். நிலக்கடலை என்றால் ஒவ்வாமை எச்சரிக்கையை லேபிளில் போட வேண்டியிருக்கும். கழுவிச் சுத்தம் செய்த பிறகு முதலில் விழும் சில கிலோவைக் கழிக்கிறார்கள் என்றால், அது யார் கணக்கு என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பாக்கெட்டை எடுத்து, காலாவதித் தேதி வரை வீட்டு அலமாரியில் வைத்திருங்கள். புகார் வந்தால் ஆலை அனுப்பியதும் கடையில் கெட்டதும் வேறு வேறு என்று பிரித்துக் காட்ட அது ஒன்றே வழி.

மிளகாயையும் உளுந்தையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். விலை, தரம் இரண்டும் உங்கள் கையில் இருக்கும். உங்கள் தனி ருசி பெருங்காயம், கறிவேப்பிலை, சீரகம் கலந்த சிறு பங்கில்தான் இருக்கிறது என்றால், அந்தப் பங்கை மட்டும் வீட்டிலேயே வறுத்து அரைத்து, எடை போட்டுக் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வீட்டு முகவரிக்கு இருக்க வேண்டும். லேபிளில் உங்கள் எண்ணோடு அந்த ஆலையின் பெயர், முகவரி, உரிம எண்ணும் வர வேண்டும்.

எப்போது ஆலையைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்? மாதம் 1,000 கிலோவுக்கு மேல் தொடர்ந்து ஆறு மாதம் விற்க வேண்டும். கடைகள் முதல் முறை வாங்கி நிரப்பியதை எண்ணாதீர்கள், இரண்டாம் முறை கேட்டதை மட்டும் எண்ணுங்கள். அப்போதும் வறுவை, அரவையைக் கூலிக்கே விட்டுவிட்டு, பாக்கெட் போடும் இயந்திரத்தை மட்டும் கொட்டகையில் வைத்துத் தொடங்கலாம்.

9 லட்சத்தில் 4 லட்சத்தைச் சரக்குக்கும் கடைக் கடனுக்கும் ஒதுக்குங்கள். 5 லட்சம் வைப்புநிதியில் இருக்கட்டும். ஒப்பந்தம் எழுதும்போது இன்னொரு வரியையும் சேருங்கள்: பெயர் அச்சிட்ட பாக்கெட் உறையின் மிச்சம் உங்களுடையது, கேட்ட நாளில் திருப்பித் தர வேண்டும். முதல் ஆறு மாதம் அச்சிட்ட உறையே வேண்டாம். சாதாரண உறையில் ஒட்டும் லேபிள் போதும். ஒரு வரி தவறானால் லேபிளை மட்டும்தான் மாற்ற வேண்டியிருக்கும்.