ஹைட்ரஜன் அணு: 656 வர வேண்டிய இடத்தில் 821 வருவது ஏன்?

"தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. எலக்ட்ரான் n = 3 இலிருந்து n = 2 க்கு இறங்கும்போது வெளிவரும் ஃபோட்டானின் அலைநீளம் எனக்கு 821 நானோமீட்டர் வருகிறது. விடை 656 என்கிறார்கள். எங்கே பிசகு?"

மூன்றாம் மட்டத்தின் ஆற்றலையே ஃபோட்டானின் ஆற்றலாக எடுத்துவிட்டீர்கள். தோ பாயோவில் நான் நடத்தும் துணைப்பாட வகுப்பிலும் இந்த 821 அடிக்கடி தலைகாட்டும்.

மட்டங்களின் ஆற்றல், எலக்ட்ரான் வோல்ட் அலகில்:

Eₙ = −13.6 / n²

மூன்றாம் மட்டம் −1.51, இரண்டாம் மட்டம் −3.40. ஃபோட்டான் எடுத்துச் செல்வது இவற்றின் வித்தியாசத்தை மட்டுமே, அதாவது 1.89. அலைநீளத்தை நானோமீட்டரில் பெற 1240ஐ இதனால் வகுத்தால் போதும்: ஏறத்தாழ 656. மின்னிறக்கக் குழாயைக் கீற்றணி வழியாகப் பார்த்தால் தெரியும் சிவப்புக் கோடு இதுதான்.

உங்கள் 821க்கும் ஒரு பொருள் உண்டு என்பதுதான் வேடிக்கை. அணுவிலிருந்து விடுபட்டு, ஏறக்குறைய ஓய்வில் இருக்கும் எலக்ட்ரான் நேராக மூன்றாம் மட்டத்தில் விழுந்தால் அந்த அலைநீளம்தான் வரும். அது பாஷன் வரிசையின் எல்லை. அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.

வரிசையின் பெயரை முடிவு செய்வது எலக்ட்ரான் போய்ச் சேரும் மட்டம், புறப்பட்ட மட்டம் அல்ல. மூன்றில் முடிந்தால் பாஷன், இரண்டில் முடிந்தால் பால்மர், ஒன்றில் முடிந்தால் லைமன். லைமன் வரிசையின் மிகச் சிறிய இறக்கமே 10.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அதன் கோடுகள் அனைத்தும் புற ஊதாவில் விழுகின்றன. பால்மரில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் கோடுகள் இருக்கின்றன.