மேடைக் குறிப்பு எழுதுவது எப்படி? கேள்வி பதில்

குடியிருப்போர் சங்கச் செயலாளர்: அக்கா, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் மழைநீர் சேகரிப்பு பற்றி 10 நிமிடம் பேச வேண்டும். நான்கு பக்கம் எழுதிவிட்டேன். இதை எப்படிக் குறிப்பாகச் சுருக்குவது?

அந்த நான்கு பக்கத்திலிருந்து சொற்களைப் பொறுக்கத் தொடங்காதீர்கள். தாளை மூடி வைத்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் குறிப்பு வேண்டும். ஒரு விஷயத்தின் நடுவில் அவ்வளவாகத் தடுக்காது. அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் இடத்தில்தான் வாய் நிற்கும். ஆகவே அந்த இணைப்பை எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மொட்டைமாடி 6,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 1 செ.மீ. மழைக்கு அதில் சுமார் 5,500 லிட்டர் விழும். 2 செ.மீ. பெய்தால் 11,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு டேங்கர் லாரி. இதையே நீங்கள் ஒரு பத்தியாக எழுதியிருப்பீர்கள். அட்டையில் இவ்வளவு போதும்:

மாடி 6,000 ச.அடி
1 செ.மீ. = 5,500 லி.
2 செ.மீ. = ஒரு லாரி!
— நிறுத்து —
"அது எங்கே போகிறது?" → தெரு வடிகால்

கடைசி வரிதான் இணைப்பு. அந்தக் கேள்வியைக் கேட்டதும் அடுத்து வடிகாலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பேச்சின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் முழுதாக எழுதுங்கள். பதற்றம் அதிகம் இருப்பது தொடக்கத்தில். முடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவது கடைசியில்.

பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர்: ஓர் அட்டைக்கு ஒரே சொல் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 'பராமரிப்பு', 'செலவு' என்று தலைப்பு மட்டும் எழுதினால் போதாதா?

பாதி சரி. கண் ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு நிமிர வேண்டும், அதனால் வரி சின்னதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 'பராமரிப்பு' என்பது எதைப் பற்றி என்று மட்டும் சொல்கிறது. என்ன சொல்லப் போகிறீர்கள் என்று சொல்வதில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் எல்லாம் இருக்கிற மாதிரித் தோன்றும். மேடையில் பார்த்தால் வெறும் சொல்தான். அதற்குப் பதில் "மழைக்கு முன் மாடி ஏறுவது யார்?" என்று எழுதிப் பாருங்கள். மாடியைக் கூட்டுவது, முதல் மழையை வெளியே விடுவது, வடிகட்டித் தொட்டியின் ஜல்லியைக் கழுவுவது எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

எண், பெயர், தேதி, மேற்கோள் ஆகியவற்றைச் சுருக்கவே கூடாது. அவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முயல்வதில்தான் மற்றதும் மறந்துபோகிறது.

கல்லூரி மாணவர்: எல்லாவற்றையும் ஸ்லைடிலேயே போட்டுவிட்டால் குறிப்பே வேண்டாமே?

ஸ்லைடு கேட்பவர்களுக்கு, குறிப்பு உங்களுக்கு. எல்லாவற்றையும் ஸ்லைடில் போட்டால் நீங்கள் வாய் திறக்கும் முன்பே அவர்கள் படித்து முடித்துவிடுவார்கள். பவர்பாயிண்டில் பேசுபவருக்கு மட்டும் தெரியும் குறிப்புப் பகுதி இருக்கிறது. அதிலும் பத்தியாக எழுதினால் படிக்கத்தான் தோன்றும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: நான் பட்டிமன்றங்களில் மனப்பாடமாகவே பேசிப் பழகியவன். சர்ச்சில்கூட 1904இல் நாடாளுமன்றத்தில் பாதியில் வரி மறந்து உட்கார்ந்துவிட்டார். அதன்பின் முழு உரையையும் கையில் வைத்துக்கொண்டார். அப்படியானால் முழு உரைதானே அம்மா பாதுகாப்பு?

உண்மைதான் ஐயா. ஆனால் அந்தத் தாள்களை அவர் உரைநடையாக வைத்திருக்கவில்லை. பைபிளில் சங்கீதங்களை அச்சிடுவதுபோல வரிகளை உடைத்து உடைத்து வைத்திருந்தார். நிமிர்ந்துவிட்டுக் குனியும் கண்ணுக்கு விட்ட இடம் உடனே கிடைக்கும். பத்தியில் அது கிடைக்காது, அந்தப் பயத்திலேயே பேசுபவர் தலையைத் தூக்குவதில்லை.

ஒரு சொல் மாறினாலும் சிக்கலாகும் இடங்களில், இரங்கல் தீர்மானம், மன்னிப்பு அறிக்கை போன்றவற்றில், முழு உரைதான் வேண்டும். பட்டிமன்றத்தில் நீங்கள் எடுத்துச் சொல்லும் செய்யுளையும் அப்படியே முழுதாக எழுதிக்கொள்ளலாம். மனப்பாடம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்றால் விடச் சொல்ல மாட்டேன். எதிரணி சொன்னதற்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும்போது அது கைகொடுக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. உங்கள் அனுபவம் வேறாக இருக்கலாம்.

புதிதாகப் பேசுபவர்: அண்ணன் கல்யாண வரவேற்பில் செல்போனைப் பார்த்துப் பேசினேன். நடுவில் திரை அணைந்துவிட்டது. தாள் வைத்துக்கொண்டாலும் கை நடுங்குமே அக்கா?

ஏ4 தாள் நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். தடித்த அட்டையில் அவ்வளவாகத் தெரியாது. அஞ்சலட்டை அளவில் வெட்டி ஒரு பக்கம் மட்டும் எழுதி, மூலையில் எண் போடுங்கள். மேசையில் வைத்துவிட்டு நின்றபடி பாருங்கள், படிக்க முடியாவிட்டால் எழுத்து சின்னது.

இரண்டு மூன்று ஒத்திகைக்குப் பிறகு, ஒருமுறைகூடப் பார்க்காத வரிகளை அடித்துவிடுங்கள். அதற்காக, அழகாக இருக்கட்டும் என்று கூட்டத்துக்கு முந்தின இரவு புது அட்டையில் பெயர்த்து எழுதாதீர்கள். எந்த வரி எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பழகியிருக்கும். புது அட்டையில் அதைத் தேட வேண்டியிருக்கும்.