அட்டைப்பெட்டி யூனிட்: முதல் பணம் கைக்கு வரும்வரை எவ்வளவு வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் அட்டைப்பெட்டி யூனிட் போடுகிறேன். மெஷினுக்குக் கடன் கிடைத்துவிட்டது. மாதம் கிராஃப்ட் பேப்பருக்கு 4 லட்சம், சம்பளம், வாடகை, கரண்ட், பசை எல்லாம் சேர்த்து 2 லட்சம் ஆகும். முதல் விற்பனைக்கு முன் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: முதல் பில் போடும் நாளோடு கணக்கை நிறுத்தாதீர்கள். அந்தப் பில்லுக்குப் பணம் வரும் நாள் வரை போட வேண்டும். பனியன் கம்பெனிக்குப் பெட்டி கொடுத்தால் கடனுக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். 45 நாள் என்று பேசினாலும் 60 என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் சோதனை ஓட்டம். ஒட்டு சரியாகப் பிடித்து, ஆட்களுக்குக் கை பழக ஒரு மாதம் ஆகும். அதற்கு 2 லட்சம், வீணாகும் பேப்பருக்கு 40 ஆயிரம். அப்புறம் 15 நாளுக்கான பேப்பரை எப்போதும் ஸ்டாக்கில் வைக்க 2 லட்சம். பெட்டி செய்ய 5 நாள், லோடு சேர 10 நாள்; இந்த 15 நாளில் பேப்பருக்கு 2 லட்சமும் சம்பளம் முதலானவற்றுக்கு 1 லட்சமும் போகும். ஆக, முதல் லோடு கிளம்பும்போது 7 லட்சத்து 40 ஆயிரம் வெளியே போயிருக்கும். அதற்குப் பணம் வரும் 60 நாளிலும் யூனிட் ஓட வேண்டுமே, அதற்கு இன்னும் 12 லட்சம். மொத்தம் 19 லட்சத்து 40 ஆயிரம். பேப்பர் பில்லில் வரும் ஜிஎஸ்டி இதற்கு மேல். பின்னால் வரவு கிடைத்தாலும் இன்று ரொக்கமாகக் கட்ட வேண்டியது அது. மெஷின் தேய்மானத்தை இதில் சேர்க்காதீர்கள், அதற்குக் கையிலிருந்து காசு போவதில்லை.

சிறு தொழில்களுக்கு வங்கிகள் பொதுவாக ஆண்டு விற்பனையில் 25 சதவீதத்தை நடைமுறை மூலதனத் தேவையாக எடுத்துக்கொண்டு, 20 சதவீதத்தைக் கடனாகத் தரும். உங்கள் விற்பனை ஆண்டுக்கு 80 லட்சம் என்றால் தேவை 20 லட்சம், கடன் 16 லட்சம், உங்கள் பங்கு 4 லட்சம். நம் கணக்கோடு ஒத்துப்போகிறது, சரி. ஆனால் 16 லட்சத்தையும் முதல் நாளே எடுக்க முடியாது. இந்தக் கடன் கேஷ் கிரெடிட்டாக, அதாவது ஒரு உச்சவரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கணக்காக வரும். அதில் ஸ்டாக், வரவேண்டிய பாக்கி இவற்றின் மதிப்பில், நீங்கள் போட வேண்டிய பங்கான மார்ஜினைக் கழித்த அளவுக்குத்தான் பணம் எடுக்கலாம். முதல் லோடுக்கு முன் உங்களிடம் பாக்கியே கிடையாது. பேப்பரும் பெட்டியும் சேர்ந்து 5 லட்சம். 25 சதவீத மார்ஜின் போக 3 லட்சத்து 75 ஆயிரம் எடுக்கலாம். மீதி 3 லட்சத்து 65 ஆயிரம் உங்கள் சொந்தப் பணம். வங்கிக் கடன் கைக்கு வரத் தாமதமானால் 7 லட்சத்து 40 ஆயிரமும் நீங்களே போட வேண்டியதுதான். வாடகை அட்வான்ஸையும் மின் இணைப்பு டெபாசிட்டையும் இந்தப் பணத்திலிருந்து எடுக்கவே கூடாது.

இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுவது வசூல் நாள்தான். 60 நாள் 75 ஆனால் இன்னும் 3 லட்சம் தேவை. பேப்பர் மில்லில் 15 நாள் கடன் கிடைத்தால் 2 லட்சம் குறையும், ஆனால் புது ஆளுக்குப் பெரும்பாலும் முன்பணம் கேட்பார்கள். ஆர்டர் தரப்போகிற கம்பெனிக்கு இப்போது பெட்டி கொடுத்துவருபவரைப் பார்த்து, கடைசி மூன்று பில்லுக்குப் பணம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். 60 நாளுக்குப் பதிலாக அந்த எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள்.